கல்யாணப் பத்திரிகையில் வந்த ‘இ’: ஒரே வரியில் ரெண்டு எழுத்து

இன்னைக்கு எபிசோடு எங்க ஊர் சுரண்டையில இருந்து தொடங்குது, 2003ஆம் வருஷம். பெரியப்பா பையனுக்குக் கல்யாணம். எங்க குடும்பத்துல முதல் இன்ஜினியர் அவன்தான். அதனால பத்திரிகையில அண்ணன் பேருக்குப் பின்னாடி படிப்பு வரணும்ங்கிறதுல பெரியப்பா ரொம்ப உறுதியா இருந்தார். நம்ம ஊர்ப் பத்திரிகை வழக்கம் தெரியும்ல? பேர் தமிழ்ல, பட்டம் இங்கிலீஷ்ல, பட்டத்துக்குப் பின்னாடி கட்டாயம் ஒரு கமா: B.E., அப்படின்னு.

அச்சடிச்சு வந்த கட்டைப் பிரிச்சப்போ முதல்ல பார்த்தது அத்தை. “ஏலே, மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி என்னல ஒரு ‘இ’ நிக்கு?” உண்மையிலேயே நின்னுது. B.E. சரியா இருந்தது. அதை ஒட்டி, கமா இருக்க வேண்டிய இடத்துல, கொழுகொழுன்னு ஒரு ‘இ’. ஐநூறு பத்திரிகையிலயும்.

பெரியப்பா அன்னைக்கு ராத்திரி ஒயிட்னரும் கறுப்புப் பேனாவுமா உட்கார்ந்தார். எல்லாரும் டைப் பண்ணின பையனோட கவனக்குறைவுன்னுதான் சொன்னாங்க. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த ‘இ’க்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு.

கமா இல்லாத காலம்

பக்கத்துல தென்காசிக் கோயிலுக்குப் போங்க. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டுல கட்டின கோயில். நம்ம பழைய கோயில் கல்வெட்டுகள்ல கமா கிடையாது, கேள்விக்குறி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. கல்லு முடியுற இடத்துல வரி முடியும், சொல்லு பாதியில நின்னாலும் சரி. ஓலைச்சுவடியும் அப்படித்தான். எங்க நிறுத்தணும்னு வாசிக்கிறவருக்குத் தெரியும், அதனால எழுதுறவர் அதைக் குறிக்கல.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், செங்கோட்டை வழியா போனா வர்ற கொல்லத்துல 1578ல ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இந்தியாவுல அச்சான முதல் தமிழ் நூல். அதோட முதல் பக்கத்துலயே ரோமன் எழுத்தும் தமிழ் எழுத்தும் சேர்ந்து நிக்குது. அதுக்கப்புறம் வந்த அச்சுக்கூடங்கள் வழியா, கொஞ்சம் கொஞ்சமா, ஐரோப்பிய நிறுத்தக்குறிகள் தமிழுக்குள்ள வந்தன. 19ஆம் நூற்றாண்டுல ஆறுமுக நாவலர் மாதிரி ஆட்கள் தமிழ் உரைநடையில அவற்றை ஒழுங்கா பயன்படுத்தி நிலைக்க வச்சாங்க.

ஈய எழுத்து காலத்துல இந்தக் கமாவால எந்தத் தகராறும் வரல. ஏன்னா கமாங்கிறது தனியா ஒரு ஈயத் துண்டு, அதுக்குத் தனியா ஒரு அறை. அச்சுக்கோர்ப்பவர் அதை எடுத்துத் தமிழ் எழுத்துக்குப் பின்னாடியும் வைக்கலாம், இங்கிலீஷ் எழுத்துக்குப் பின்னாடியும் வைக்கலாம். எங்க வச்சாலும் அது கமாதான்.

வரியை எங்க உடைக்கணும்னு முடிவு பண்ணினதும் அவர்தான். தமிழ்ச் சொல் நீளம், பத்திரிகை பத்தியோ குறுகல். அதனால சொல்லைப் பாதியில உடைப்பாங்க, இங்கிலீஷ் மாதிரி கோடு போடாமலே. ஆனா ஒரு கட்டுப்பாடு உண்டு: புள்ளி வச்ச எழுத்து வரியோட முதல்ல வரக்கூடாது. ‘வந்தான்’ உடையணும்னா ‘வந்’ மேல, ‘தான்’ கீழ. ‘வ’ மேல, ‘ந்தான்’ கீழன்னு வராது. மெய்யெழுத்துல தமிழ்ச் சொல் தொடங்காதுங்கிற இலக்கணம் வரிக்கும் அப்படியே பொருந்துச்சு. இந்த ரெண்டு விஷயத்தையும் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

புள்ளிக்கு இடம் கொடுத்த அரைப்புள்ளி

தொண்ணூறுகள்ல கம்ப்யூட்டர் வந்துச்சு. அன்னைக்கு டிடிபி கடைகள்ல ஓடின தமிழ் ஃபான்ட்டுகள் ஒரு தந்திரத்துலதான் வேலை செஞ்சுது. கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால இங்கிலீஷ் எழுத்தோட படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை வச்சாங்க. ‘பாமினி’ அதுல ரொம்பப் பரவலானது. நம்ம கண்ணுக்குத் தெரியுறது வலது பக்கம், கம்ப்யூட்டர் சேமிச்சு வச்சிருக்கிறது இடது பக்கம்:

```
jkpo;   தமிழ்
kuk;    மரம்
,e;j    இந்த
```

‘தமிழ்’ கடைசியில என்ன இருக்குன்னு பாருங்க. அரைப்புள்ளி. நம்ம புள்ளிக்கு அரைப்புள்ளியோட இடத்தைக் கொடுத்துட்டாங்க. ‘இ’க்குக் கமாவோட இடத்தைக் கொடுத்தாங்க. காரணம் இடப் பற்றாக்குறை. 26 எழுத்து, பெருசும் சிறுசுமா 52 இடம். தமிழுக்குத் தேவையான வடிவங்கள் அதுக்குள்ள அடங்காது. அதனால நிறுத்தக்குறிகளோட சாவிகளையும் எழுத்துகளுக்கு எடுத்துக்கிட்டாங்க. அப்போ கமா எங்க போச்சு? பாமினியில அது > குறியோட இடத்துக்குப் போச்சு.

இப்போ அண்ணன் பத்திரிகையை மறுபடியும் டைப் பண்ணிப் பார்ப்போம். பேரைப் பாமினியில அடிக்கிறாங்க. ஃபான்ட்டை மாத்தி B.E. அடிக்கிறாங்க. திரும்பப் பாமினிக்கு வர்றாங்க. இன்னும் ஒரு கமா பாக்கி. விரல் பழக்கத்துல கமா சாவிக்குப் போகுது. திரையில விழுறது ‘இ’. ஒரு நொடி முன்னாடி, அதாவது இங்கிலீஷ் ஃபான்ட்டுல இருக்கும்போதே அதே சாவியை அழுத்தியிருந்தா கமா வந்திருக்கும். அந்தக் கமா தமிழோடதா, இங்கிலீஷோடதா? ஈய எழுத்துல இந்தக் கேள்விக்கே இடமில்ல. இங்க ஒவ்வொரு கமாவுக்கும் ஆபரேட்டர் பதில் சொல்லியாகணும். ஒரு பத்திரிகையில இப்படி எத்தனை பேர், எத்தனை பட்டம், எத்தனை கமா!

மென்பொருளும் தன் பங்குக்கு உதவி பண்ணும். வாக்கியத்தோட முதல் எழுத்தைத் தானாகவே பெருசாக்குற வசதி வேர்டுல இருக்கு, இல்லையா? kuk; அப்படின்னு அடிச்சா அது Kuk; ஆயிடும். பாமினியில பெரிய K ‘மு’. ‘மரம்’ போய் ‘முரம்’ ஆயிடும்.

வரி உடையிறதுலயும் அதே கதை. ‘கொ’ நமக்கு ஒரு எழுத்து. அங்க n, f, h ஆகிய மூணு: கொம்பு, க, கால். குறுகலான கட்டத்துல ஒரு நீளச் சொல் அடங்கலன்னா, மென்பொருள் எங்க வேணும்னாலும் வெட்டும். கொம்பு மட்டும் மேல் வரிக் கடைசியில தொங்கும், ‘கா’ கீழ் வரியில தொடங்கும்.

யூனிகோடு தீர்த்ததும் தீர்க்காததும்

யூனிகோடு வந்ததும் தமிழ் எழுத்துகளுக்குச் சொந்த இடம் கிடைச்சுது. 2010ல தமிழ்நாடு அரசும் அதைத் தரமா ஏத்துக்கிச்சு. கமா பொதுச் சொத்து ஆச்சு. யூனிகோடுல அது எந்த மொழிக்கும் சொந்தமில்ல, ரெண்டு பேருக்கும் பொது, அதாவது ஈயத் துண்டோட பழைய நிலைமை. ‘கொ’வும் வரி ஓரத்துல பிளக்காது.

ஆனா பழைய கோப்புகளை மாத்தும்போது அந்த ‘இ’ திரும்ப வந்துச்சு. பாமினியில அடிச்ச பக்கத்துல ஃபான்ட் தகவல் தொலைஞ்சா, மாத்துற நிரல் எல்லாத்தையும் பாமினின்னே நினைக்கும். இங்கிலீஷ் ஃபான்ட்டுல போட்ட கமாவும் ‘இ’ ஆயிடும். இலங்கைத் தமிழ்ச் செய்திகளோட பழைய பக்கங்கள்ல ‘கொழும்புஇ யாழ்ப்பாணம்இ’ன்னு பார்த்திருப்பீங்க. அது வட்டார வழக்கு இல்ல, செத்துப்போன கமா.

இதைக் கண்டுபிடிக்க இலக்கணமே ஒரு வழி தருது. தனி உயிரெழுத்து சொல்லோட கடைசியில சாதாரணமா வராது. அதனால முன்னாடி எழுத்தும் பின்னாடி இடைவெளியுமா ஒரு ‘இ’ நின்னா அது பெரும்பாலும் கமா. தேடுறதுக்கான கோவை இது:

```
(?<=\S)இ(?=\s)
```

ஒரே எச்சரிக்கை, சங்க இலக்கியக் கோப்புல இதை ஓட்டிடாதீங்க. ‘குரீஇ’, ‘தழீஇ’ மாதிரி அளபெடைச் சொற்களோட வாலும் வெட்டுப்படும்.

யூனிகோடு தீர்க்காத விஷயம் வரி உடைப்பு. அதோட விதிப்படி தமிழும் இங்கிலீஷ் மாதிரியே இடைவெளியிலதான் உடையும். கமாவுக்குப் பின்னாடி இடைவெளி விடாம ‘சுரண்டை,தென்காசி,குற்றாலம்’னு அடிச்சா மூணு ஊரும் ஒரே சொல்லாயிடும். அது வரியில அடங்காம மொத்தமா அடுத்த வரிக்குத் தாவும், மேல் வரியில பெரிய ஓட்டை விழும்.

இதுக்கு நேரெதிர் சிக்கல், நாம தினமும் எழுதுற WhatsApp-ல் மாதிரியான சொல். இங்கிலீஷ் பேரைத் தமிழ் வேற்றுமையோட ஒட்டுறதுக்கு நடுவுல ஒரு சின்னக் கோடு போடுறோம். நமக்கு அது ஒட்டுற கோடு. விதிக்கு அது வெட்டுற இடம். வரி ஓரத்துல வந்தா ‘WhatsApp-’ மேல நிக்கும், ‘ல்’ தனியா கீழ் வரியைத் தொடங்கும். புள்ளி எழுத்து வரி முதல்ல வரக்கூடாதுன்னு அச்சுக்கோர்ப்பவர் காப்பாத்தின விதி, இந்த ஒரு கோட்டுல உடையுது.

வழி இருக்கு. உடையாத கோடுன்னு ஒண்ணு உண்டு, U+2011. வேர்டுல கன்ட்ரோல், ஷிஃப்ட்டோட ஹைஃபன் சாவி. பேரும் பட்டமும் பிரியாம இருக்க உடையாத இடைவெளி உண்டு, U+00A0. அதுக்குக் கன்ட்ரோல், ஷிஃப்ட்டோட ஸ்பேஸ். இல்லன்னா ‘வாட்ஸப்பில்’னு தமிழ்லயே எழுதிட்டா கோடே வேண்டாம்.

போன மாசம் பெரியப்பா வீட்டுல பீரோவைச் சுத்தம் பண்ணினப்போ 2003 பத்திரிகை ஒண்ணு கிடைச்சுது. B.E. பக்கத்துல ஒயிட்னர் மேல பேனாவால வரைஞ்ச கமா. அதைத் தடவிப் பார்த்தா இன்னும் மேடு தெரியுது. டைப் பண்ணின பையன் மேல கோபம் போச்சான்னு பெரியப்பாகிட்ட கேட்டேன். சாவி விஷயத்தை முழுசா சொன்னேன். கொஞ்ச நேரம் பத்திரிகையைப் பார்த்துட்டுச் சொன்னார்: “அந்தப் பய அன்னைக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தான்ல. அவன் சரியாத்தான் அமுக்குனேன்னான். நான்தான் பாதி ரூவா குடுக்கமாட்டேன்னுட்டேன்.”