காவக்காரன் எத்தனை மணிக்கு ஒரு ரவுண்டு வரணும்?

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு கொஞ்சம் நீளமா ஒரு கொசுவத்தி. படிச்சுட்டு திட்டறதுன்னா பின்னூட்டத்துல திட்டுங்க :-)

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. ராயபுரத்துல எங்க மாமாவோட கருவாட்டுக் கடையில உக்காந்திருந்தேன். காசிமேட்டுல இருந்து வர்ற மீன்தான் சரக்கு. கொஞ்ச வருஷமா நெட்டுல போட்டோ போட்டு வெளியூருக்கும் அனுப்பறார். அம்பத்தூர்லேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. "அண்ணே, வஞ்சிரமும் நெத்திலியும் கேட்டு ரெண்டாயிரத்து நானூறு ரூபா அனுப்பினேன். பத்து நாளாச்சு, போன் போட்டா எடுக்க மாட்டேங்கறீங்க"ன்னாங்க. மாமாவுக்கு ஒண்ணும் புரியல. அவங்க செல்லை வாங்கிப் பாத்தோம். மாமா கடை பேரு, மாமா கடை போர்டு போட்டோ, மாமா எடுத்த கருவாட்டுப் படங்கள். பணம் போன நம்பர் மட்டும் எவனோடதோ.

"இன்னாடா இது, நம்ம பேரு, நம்ம மூஞ்சி, காசு மட்டும் எவனுக்கோ போவுது"ன்னு மாமா அப்படியே உக்காந்துட்டார். அந்த அக்காவுக்கு அவர் பாதி விலைக்கு சரக்கு குடுத்து அனுப்பினார். அவர் செய்யாத தப்புக்கு.

இது நெட்டு வந்தப்புறம் வந்த வியாதின்னுதான் நானும் நெனைச்சேன். தேடிப் பாத்தா இல்ல. எங்க ஏரியாவுல இருக்கற விம்கோ நகர் ஸ்டேஷனுக்குப் பேரு வந்ததே வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனிங்கற தீப்பெட்டிக் கம்பெனியால. சின்ன வயசுல தீப்பெட்டிப் படம் சேர்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஒரே படம், ஒரே கலரு, பேர்ல ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். பேரும் படமும் சேர்ந்ததுதான் அடையாளம், திருடறவன் அது ரெண்டையும்தான் திருடுவான். இந்தக் கதையில மாறினது ஒண்ணே ஒண்ணு. திருட்டைக் கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கிற நேரம்.

மூணு கேஸை வரிசையா வச்சுப் பாருங்க, புரியும்.

மொதல் கேஸ் 1962, சுப்ரீம் கோர்ட். 'அம்ருத்தாரா'ன்னு ஒரு பேர் போன மருந்து. இன்னொருத்தர் 'லக்ஷ்மண்தாரா'ன்னு வித்தார். எழுத்தை எண்ணினா பாதிக்கு மேல வேற. ஆனா கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, வாங்கறவன் ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல வச்சு எழுத்துக்கூட்டிப் பாக்க மாட்டான். அவன் சாதாரண ஆளு, அரைகுறை ஞாபகம், மொத்தமா காதுல விழற சத்தம்தான் அவனுக்கு பேரு. அதனால ரெண்டும் குழப்புற பேருதான். சரி, அப்போ அம்ருத்தாராகாரர் ஜெயிச்சாரா? முழுசா இல்ல. அவங்களுக்கு இந்த விஷயம் முன்னாடியே தெரிஞ்சும் வருஷக்கணக்கா சும்மா இருந்துட்டாங்க. அதைக் காரணமா வச்சு, உத்தரப் பிரதேச அளவுக்கு லக்ஷ்மண்தாரா பேரைப் பதிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க. காவக்காரன் தூங்கினா வீட்டுல பங்கு போயிடும்.

அதனாலதான் டிரேட்மார்க் வக்கீல் ஆபீஸ்கள்ல ஒரு வேலை இருக்கு. பதிவுத்துறை போடற டிரேட்மார்க் ஜர்னலை இதழ் விடாம வாசிச்சு, நம்ம கட்சிக்காரர் பேரு மாதிரி ஏதாவது வந்திருக்கான்னு பாக்கறது. ஜர்னல்ல வந்த நாள்லேர்ந்து 4 மாசத்துக்குள்ள ஆட்சேபம் போடணும். பொட்டி தட்டுறவன் கண்ணுல பாத்தா இது சாட்சாத் கிரான் வேலைதான். கம்ப்யூட்டருக்கு பதில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது கேஸ் நம்ம சென்னைக் கம்பெனி. சத்யம் இன்ஃபோவே, அதாவது சிஃபி. நெட் சென்டர்ல மணிக்கு இத்தனைன்னு காசு குடுத்து உக்காந்தவங்களுக்கு மறக்காது. அவங்க 1999லயே sify வச்ச டொமைன் பேருங்களை வாங்கிட்டாங்க. 2001லேர்ந்து இன்னொரு கம்பெனி siffynet.com, siffynet.net ன்னு வந்துச்சு. கேட்டா, 'எங்க அஞ்சு பேரோட மொதல் எழுத்தைச் சேர்த்து வச்ச பேரு'ன்னாங்க. பெங்களூரு கோர்ட் தடை போட்டுச்சு, கர்நாடக ஹைகோர்ட் அதை நீக்குச்சு, 2004 மே மாசம் சுப்ரீம் கோர்ட் திரும்ப தடையைக் கொண்டாந்துச்சு. டொமைன் பேரும் வியாபார அடையாளம்தான், அதுக்கும் பாதுகாப்பு உண்டுன்னு தீர்ப்பு. sify, siffy ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு எழுத்து. அதுக்குத் தீர்ப்பு வர்றதுக்குள்ள சில வருஷம் ஓடிப்போச்சு.

மூணாவது கேஸ் 2022 நவம்பர். ட்விட்டர்ல (இப்போ எக்ஸ்) நீல டிக் 2009ல வந்ததே போலிகளால. ஒரு பேஸ்பால் மேனேஜர் தன் பேர்ல போலிக் கணக்கு இருக்குன்னு கேஸ் போட்டார், அடுத்த மாசமே டிக் அறிவிப்பு வந்துச்சு. அந்த டிக்கை 2022ல மாசம் 8 டாலருக்கு வித்தாங்க. எவனோ எலை லில்லி மருந்துக் கம்பெனி பேரு, லோகோ எல்லாம் வச்சு EliLillyandCo ன்னு ஒரு கணக்கு தொறந்து, டிக் வாங்கி, இன்சுலின் இனிமே இலவசம்னு போட்டான். நிஜ கம்பெனியோட கணக்கு பேரு அப்போ LillyPad. படிக்கிறவனுக்கு எது நிஜமாத் தெரியும், சொல்லுங்க? மணிக்கணக்கா அது அப்படியே நின்னுச்சு. கம்பெனி மன்னிப்பு கேட்டு மறுப்பு போட வேண்டியதாப் போச்சு. காசுக்கு டிக் விக்கறதையும் கொஞ்ச நாள் நிறுத்தினாங்க.

வருஷம், மாசம், மணி. நேரம் இப்படிச் சுருங்கிப் போச்சு. ஆனா காவல் பொறுப்பு மட்டும் மாறவே இல்ல, அது இன்னிக்கும் சொந்தக்காரன் தலையிலதான். புகார் குடுத்தாத்தான் எவனும் அசைவான். புகார் குடுக்கணும்னா மொதல்ல நமக்குத் தெரியணும்.

சரி, மாமா கதைக்கு வரேன். கடை பேரை இங்க போடக் கூடாதுன்னு உத்தரவு, அதனால 'கடல்கன்னி'ன்னு வச்சுக்குவோம். நான் எழுதின ஸ்கிரிப்ட் சில தேடல் வார்த்தைகளைப் போட்டு, வர்ற கணக்குகளோட பேரு, படம் ரெண்டையும் எடுத்துக்கும். அப்புறம் ரெண்டு சோதனை.

மொதல்ல பேரு. புள்ளி, அடிக்கோடு, official மாதிரி வால் எல்லாத்தையும் வெட்டிட்டு எத்தனை எழுத்து மாறுதுன்னு எண்ணும். `kadal_kanni.official` அப்படியே `kadalkanni` ஆயிடும். `kadalkanny` ஒரு எழுத்து தள்ளி. ரெண்டு எழுத்து வரைக்கும் சந்தேகம். தமிழ்ப் பேர்லதான் நான் ஏமாந்தேன். ஒருத்தன் `௧டல்கன்னி`ன்னு வச்சிருந்தான். உத்துப் பாருங்க, மொதல் எழுத்து 'க' இல்ல, தமிழ் எண் ஒண்ணு! நம்ம ௧, ௨, ௭, ௮ நாலும் க, உ, எ, அ மாதிரியே இருக்கும், ஆனா யூனிகோட்ல தனி எழுத்து. ர-வும் துணைக்காலும் அதே கதைதான். பைத்தான்ல இருக்கற யூனிகோட் சீராக்கம் இதை மாத்தித் தராது, நாமளே ஒரு பட்டியல் போட்டு மாத்தணும்.

அடுத்தது படம். திருடின படத்தை அந்தத் தளம் அமுக்கி, சுருக்கிப் போடும், அதனால பைட்டுக்கு பைட் ஒப்பிட்டா மாட்டாது. படத்தை 9க்கு 8 புள்ளியா கறுப்பு வெள்ளையில சுருக்கி, ஒவ்வொரு புள்ளியும் வலது பக்கத்துப் புள்ளியை விட வெளிச்சமான்னு கேட்டா 64 ஆமா/இல்ல கிடைக்கும். அதுதான் படத்தோட கைரேகை.

```python
def dhash(img):
    p = list(img.convert("L").resize((9, 8)).getdata())
    return [p[r*9+c] > p[r*9+c+1]
            for r in range(8) for c in range(8)]
```

ரெண்டு கைரேகையில 10 இடத்துக்குள்ள வித்தியாசம்னா ஒரே படம்னு வச்சுக்கலாம். அந்த அக்கா காட்டின போலியில 3 இடம்தான் மாறியிருந்துச்சு. ஆனா படத்தை இடவலமா திருப்பிப் போட்டா இது ஏமாந்துடும். அதனால திருப்பின படத்துக்கும் ஒரு கைரேகை எடுத்து வச்சிருக்கேன்.

மொதல் நாளே 41 எச்சரிக்கை. சினிமா ரசிகர் பக்கம், அதே பேர்ல எங்கேயோ ஒரு துணிக்கடை, எல்லாம் உள்ள வந்துடுச்சு. "டேய் மாப்ள, உன் பொட்டி ராவெல்லாம் குலைக்குது"ன்னு மாமா சத்தத்தை அமுக்கி வச்சுட்டார். கேக்காத எச்சரிக்கை இருந்தென்ன, இல்லாட்டி என்ன? அப்புறம் பேரும் படமும் ரெண்டும் ஒத்தாத்தான் மணி அடிக்கணும், ஒண்ணு மட்டும் ஒத்தா வாரத்துக்கு ஒரு தடவை பட்டியல்னு மாத்தினேன்.

ரெண்டு தப்பு பண்ணினேன், சொல்லிடறேன். ஒண்ணு, ஒரு தடவை பாத்த கணக்கை திரும்பப் பாக்காம விட்டேன். ஒருத்தன் வெறும் பூப்படத்தோட கணக்கு தொறந்து, நாலு நாள் கழிச்சு மாமா கடைப் படத்தை மாட்டினான். ஸ்கிரிப்ட் கண்டுக்கல. இப்போ ஒவ்வொரு சுத்துலயும் பழைய கணக்குகளோட படத்தையும் திரும்பச் சோதிக்கிறேன். இன்னொண்ணு, ராத்திரி 2 மணிக்கு ஒரே சுத்து வச்சிருந்தேன். ஒரு போலி காலையில தொறந்து சாயங்காலமே கடையை மூடிட்டான், எனக்கு அவன் தடமே கிடைக்கல, ஏமாந்தவங்க சொல்லித்தான் தெரியும். இப்போ இப்படி:

```
17 */3 * * * /usr/bin/python3 /home/kadai/scan.py
```

மூணு மணிக்கு ஒரு சுத்து. மாட்டின உடனே பக்கத்தோட முகவரி, கணக்கோட உள் எண், திரைப்படம், நேரம் எல்லாம் மாமா செல்லுக்குப் போகும். உள் எண் ஏன்னா, புகார் குடுத்ததும் அவன் பேரை மாத்திடுவான், எண் மாறாது. யாராவது பணம் குடுத்திருந்தா உடனே 1930க்கு போன் பண்ணச் சொல்றோம்.

இதால முடியாததும் ஒண்ணு இருக்கு. பேரு வேற, படம் மட்டும் நம்மளோடதுன்னா, என் தேடல்ல அந்தக் கணக்கு வரவே வராது. கருவாடு, காசிமேடுன்னு வார்த்தைங்களைச் சேர்த்திருக்கேன், ஆனாலும் ஓட்டை ஓட்டைதான். லக்ஷ்மண்தாரா மாதிரி சத்தத்துல மட்டும் ஒத்துப்போற பேரையும் எழுத்து எண்ணிப் பிடிக்க முடியாது. அதுக்கு இன்னமும் மனுஷக் காதுதான். அந்த வாரப் பட்டியலை மாமா ஞாயித்துக்கிழமை கண்ணாடி போட்டுக்கிட்டு வாய் விட்டுப் படிக்கிறார், அந்தக் காலத்து ஜர்னல் குமாஸ்தா மாதிரியே.

இதுவரைக்கும் ஆறு போலி போயிருக்கு. போன மாசம் அந்த அம்பத்தூர் அக்கா திரும்ப ஆர்டர் குடுத்தாங்க. பணம் அனுப்பறதுக்கு முன்னாடி கடைக்கு போன் போட்டு, "அண்ணே, நீங்கதானே?"ன்னு கேட்டாங்களாம்.

டிஸ்கி: உங்க பேர்லயும் படத்துலயும் எவனாவது பக்கம் தொறந்திருக்கானான்னு கடைசியா எப்போ தேடிப் பாத்தீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க.