கூரைமேல் ஏறிய இயந்திரமும் காற்றின் கணக்கும்

உயர்ந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் சில்லர்களும் குளிர்கோபுரங்களும் அவற்றை மறைக்கும் லூவர்த் தட்டிகளும் நிற்பதைக் காண்கிறோம். இவற்றின் கனமே இவற்றைப் பிடித்து நிறுத்தும் என்றே நெடுங்காலம் பலர் எண்ணினர். அவ்வெண்ணத்தைக் காற்று கலைத்த வரலாறு அமெரிக்காவில் தெளிவாகப் பதிவாகியுள்ளது.

2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி வளைகுடாக் கரையைத் தாக்கியபின், அரசின் ஆய்வாளர்கள் கூரைகளைப் பார்வையிட்டனர். போதிய பிணைப்பு இல்லாத இயந்திரங்கள் பீடத்தைவிட்டு நகர்ந்தும் புரண்டும் கிடந்தன. அவை இருந்த துவாரங்களின் வழியே மழைநீர் கட்டடத்துள் புகுந்தது.

காரணம் யாது? காற்று கட்டட விளிம்பில் மோதி மேலெழும்பிச் சுழன்று, விரைவு மிகுகிறது. பெரிய சுவரில் ஒரு வேளைக்கு ஒரு பகுதியையே கடுங்காற்று தாக்கும். சிறிய இயந்திரத்தையோ அது முழுமையாக ஒருங்கே தாக்கும். எனவே அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏழாம் எண் விதிநூல், 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் தாழ்ந்த கட்டடங்களின் கூரைப் பொருள்களுக்கு 1.9 மடங்கு விசையை விதித்தது. 2010இல் மேல்நோக்கிய இழுப்புக்கு 1.5 என்னும் எண்ணும் சேர்ந்தது. இவ்விதி 18 மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்கே உரியதாயிருந்தது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வரம்பு நீங்கி, உயர்ந்த கட்டடங்களையும் தழுவியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் சதுர அடித்தளமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட குளிர்கோபுரம் ஒன்று. நீரில்லாத எடை 30 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 3 டன். கூரை மட்டத்தில் காற்று வினாடிக்கு 50 மீட்டர் வீசினால் அழுத்தம் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிலோநியூட்டன். பக்கவாட்டு விசை 1.9 × 1.5 × 12 = 34. மேலிழுப்பு 1.5 × 1.5 × 9 = 20.

எடையில் பத்தில் ஒன்பது பங்கையே, அதாவது 27ஐயே நம்பலாம். மேலிழுப்பைக் கழித்தால் எஞ்சுவது 7. அதன் உராய்வு 34 கிலோநியூட்டன் தள்ளலை எங்ஙனம் தடுக்கும்? கோபுரம் நழுவும். கவிழ்க்கும் திருப்பம் 34 × 2 + 20 × 1.5, அதாவது ஏறத்தாழ 98. எதிர்க்கும் திருப்பம் 27 × 1.5, ஏறத்தாழ 40. மிச்சம் 58ஐ 3 மீட்டர் அகலத்தால் வகுத்தால், காற்று வரும் பக்கத்து இரு நங்கூர போல்ட்டுகளும் சேர்ந்து 19 கிலோநியூட்டன் இழுவையைத் தாங்கவேண்டும். தள்ளுவிசை வேறு.

இங்கே இரு தவறுகள் நேர்கின்றன. முதலாவது, நீர் நிரம்பிய எடையைக் கொண்டு கணக்கிடுவது. பழுதுபார்க்க நீரை வடித்திருக்கும் வேளையிலும் புயல் வரலாம். இரண்டாவது, அதிர்வைத் தணிக்கச் சில்லரைத் தளர்ந்த சுருள்வில்களின்மேல் வைப்பது. அவை அமுக்கத்தைத் தாங்குமேயன்றி மேலெழுவதைத் தடுக்கா. தடுப்புக் கூட்டுள்ள வில்களே வேண்டும்.

லூவருக்கோ நம்பத்தக்க எடையே இல்லை. அதைக் காப்பவை அதன் திருகுகளும் சட்டமுமே. ஆகவே பார்வையிடுவோர் முதலில் நோக்கவேண்டியது இயந்திரத்தையன்று, அதன் அடியை: துருவேறிய போல்ட்டு, கழன்ற மரை, வெடித்த காங்கிரீட்டுப் பீடம் ஆகியவற்றை.