ப்ரீநப் எழுதினால் செல்லுமா? பெண்ணுக்கு ஒரு பக்கம், மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம்... கையெழுத்துக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியது!

'ப்ரீநப்' என்றால் சினிமா நட்சத்திரங்களுக்கும் கோடீஸ்வரர்களுக்கும் மட்டும்தான் என்று நினைத்த காலம் மாறுகிறது. திருமணத்துக்கு முன்பே "உன் சொத்து உனக்கு, என் கடன் எனக்கு, பிரிஞ்சா இவ்வளவு" என்று எழுதிக்கொள்வதுதான் இந்த ஒப்பந்தம். ஆனால் அதே பேப்பர் பெண்ணுக்கு ஒரு அர்த்தமும், மாப்பிள்ளைக்கு வேறு அர்த்தமும் தரும். எப்படி?

ஒரு கற்பனை ஜோடியை எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் நடத்துகிறார். யூனிட் பேரில் 20 லட்சம் ரூபாய் வங்கிக் கடன். குடியிருக்கும் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியார் பள்ளி ஆசிரியை. 40 பவுன் நகை, 6 லட்சம் டெபாசிட், 2 லட்சம் கல்விக்கடன் பாக்கி. பிரிந்தால் மாப்பிள்ளை 15 லட்சம் தருவார், அதன்பின் பெண் ஜீவனாம்சம் கேட்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமணச் சட்டத்தில் ப்ரீநப்புக்கு என்று தனிப் பிரிவே கிடையாது. அதனால் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதன் 23-வது பிரிவு, பொதுக்கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது என்கிறது. மாமியார் வீட்டிலேயே இருப்பேன் என்று கணவர் திருமணத்துக்கு முன் எழுதிக்கொடுத்ததை 1901-லேயே கல்கத்தா உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. கோவாவில் மட்டும் கதை வேறு. போர்த்துகீசிய சிவில் சட்டம் அங்கே இன்னும் இருப்பதால், திருமணத்துக்கு முன் பத்திரமாக எழுதும் சொத்து ஒப்பந்தம் செல்லும்.

பெண் படிக்க வேண்டிய பக்கம்

முதலில் நகை. 40 பவுனும் சீதனம், அவருக்கு மட்டுமே சொந்தம். கணவர் வீட்டு பீரோவில் இருந்தாலும் அது அவருடையதுதான் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. டெபாசிட்டும் அப்படியே. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் இந்த உரிமை போகாது.

வீடு? "வீட்டில் பாதி உனக்கு" என்று மாப்பிள்ளை எழுதினாலும் பயனில்லை. அப்பா பெயரில் உள்ள வீட்டை மகன் எழுதிக்கொடுக்க முடியாதே! சொந்த வீடாக இருந்தாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும்.

உண்மையான ஆபத்து கடனில்தான் இருக்கிறது. "யூனிட் கடனுக்கு நான் பொறுப்பில்லை" என்ற வரி கணவன், மனைவி இருவருக்குள் மட்டும்தான். வங்கியை அது கட்டுப்படுத்தாது. இரண்டு வருடம் கழித்து கடனைப் புதுப்பிக்கும்போது "சும்மா ஒரு கையெழுத்துதான்மா" என்று ஜாமீன்தாரராகப் போட வைத்தால், கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு அவருக்கும் வந்துவிடும். அப்புறம் ஒப்பந்தத்தைக் காட்டி வங்கியிடம் தப்ப முடியாது.

ஜீவனாம்சம் கேட்க மாட்டேன் என்ற வரியும் அவரைத் தடுக்காது. இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவின் கீழோ, பி.என்.எஸ்.எஸ். 144-வது பிரிவின் கீழோ அவர் கேட்கலாம். தொகையை நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

மாப்பிள்ளை படிக்க வேண்டிய பக்கம்

யூனிட்டும் இயந்திரங்களும் திருமணத்துக்கு முன்பே அவருடையவை. நம்மூர் சட்டப்படி, கல்யாணம் ஆனதாலேயே மனைவிக்கு அதில் பாதி போய்விடாது. அதேபோல மனைவியின் கல்விக்கடனும் இவர் தலையில் விழாது, இவர் அதில் கையெழுத்துப் போடாதவரை.

ஆனால் "15 லட்சத்தோடு கணக்கு முடிஞ்சுது" என்று அவர் நம்பினால் ஏமாற்றம்தான். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனால், அன்றைக்கு இருவருக்கும் உள்ள வருமானத்தையும் சொத்தையும்தான் பார்ப்பார்கள். யூனிட் வளர்ந்திருந்தால் தொகை கூடலாம். குழந்தை யாரிடம் இருக்கும் என்று முன்கூட்டியே எழுதுவதும் வீண். அங்கே குழந்தையின் நலன்தான் முக்கியம்.

பிரியும் நேரத்தில் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து கேட்டு, அப்போது பேசி நீதிமன்றத்தில் பதிவு செய்யும் தொகை வேறு விஷயம். அதற்கு மதிப்பு உண்டு. கல்யாணத்துக்கு முன் எழுதிய 15 லட்சத்துக்கு அந்த பலம் இல்லை.

அப்போ பேப்பரே வேண்டாமா?

வேண்டும், சாட்சியமாக. யாரிடம் என்ன இருந்தது, யார் எவ்வளவு கடனோடு வந்தார் என்ற இரண்டு பட்டியல்தான் பிற்பாடு சண்டையில் உதவும். வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகள், பெண்ணுக்கு வந்த பரிசுகளுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு வந்தவற்றுக்கு ஒன்று என்று பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைக்கச் சொல்கின்றன. எந்தப் பொருள், உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தது யார், அவர் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். மொய் நோட்டைப் பத்திரப்படுத்தும் பல வீடுகளில் இந்தப் பட்டியலை மட்டும் யாரும் எழுதுவதில்லை.