நுரையீரல் நீட்சி அனிச்சை

மூச்சை இழுக்கும்போது நுரையீரல் விரியும் அளவை மூளைக்குத் தெரிவித்து, உட்சுவாசத்தை நிறுத்தச் செய்யும் நரம்புவழி அனிச்சைச் செயல். கண்டறிந்தவர்களின் பெயரால் ஹெரிங்–பிராயர் அனிச்சை எனப்படுகிறது.

1868இல் வியன்னாவில் எவால்ட் ஹெரிங்கும் இளம் மருத்துவர் யோசப் பிராயரும் மயக்கமூட்டிய விலங்குகளில் இதைக் காட்டினர். நுரையீரல் காற்றால் நிறைந்திருக்கையில் மூச்சுக்குழாயை அடைத்தால், அடுத்த உட்சுவாசம் வெகுநேரம் தள்ளிப்போயிற்று. காற்றை வெளியே உறிஞ்சிச் சுருக்கினால் உட்சுவாசம் விரைந்து வந்தது. கழுத்தின் இருபுறமும் உள்ள வேகஸ் நரம்புகளை வெட்டியதும் இவ்விரு விளைவுகளும் மறைந்தன. விலங்கின் மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் மாறியது. உடல் தன் செயலின் விளைவைத் தானே அறிந்து திருத்திக்கொள்கிறது என்பதற்கு இது மிகத் தெளிவான தொடக்ககாலச் சான்று.

நுரையீரல் விரிவைத் தெரிவிக்கும் செய்தி எங்கிருந்து கிளம்புகிறது என்பதை 1933இல் எட்கர் ஏட்ரியன் அறியத்தந்தார். பூனையின் வேகஸ் நரம்பில் தனித்தனி இழைகளின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தபோது, நுரையீரல் விரிய விரியத் துடிப்புகள் அடர்ந்தன. விரிவு நீடித்தபோதும் அவை எளிதில் ஓயவில்லை. மூச்சுக்குழல்களின் மென்தசையில் உள்ள நீட்சி ஏற்பிகளின் செய்தி முகுளத்தை அடைந்து, உட்சுவாச நரம்பணுக்களை அடக்குகிறது. உதரவிதானம் தளர்கிறது, மூச்சு வெளியேறுகிறது. நீட்சியை உணரும் மூலக்கூறு பீசோ2 என்னும் புரதம் என்பது 2017இல் எலிகளில் நிறுவப்பட்டது.

வேறு ஏற்பிகளும் நுரையீரலில் உண்டு. விரைவில் ஓயும் ஏற்பிகள் புகை, தூசு ஆகியவற்றுக்கும் திடீர் விரிவுக்கும் எதிர்வினை காட்டி இருமலைத் தூண்டுகின்றன. இந்திய உடலியங்கியலாளர் ஆட்டர் சிங் பெயிண்டல் ஆராய்ந்த ஜே ஏற்பிகள் நுண்குழாய்களின் அருகே இருப்பவை. நுரையீரலில் நீர் கோத்தால் இவை தூண்டப்பட்டு, மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் ஆகிறது. மிகைவிரிவைத் தடுப்பது இவற்றின் வேலையன்று.

நீட்சி அனிச்சை எப்போதும் மூச்சின் அளவைக் கட்டுப்படுத்துகிறது என்பது மனிதரைப் பொறுத்தவரை தவறான எண்ணம். ஓய்வில் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் காற்றை இழுக்கிறோம். வயது வந்தோரிடம் ஒரு லிட்டருக்கு மேற்பட்ட ஆழ்மூச்சில்தான் இது வெளிப்படையாகத் தெரிகிறது. 1964இல் ஆப்ரஹாம் கஸ் குழுவினர் மனிதரின் வேகஸ் நரம்புகளை மருந்தால் மரக்கச் செய்தபோது, ஓய்வுநிலை மூச்சு மாறவில்லை.

பச்சிளங்குழந்தைகளிடம் நிலை வேறு. முகமூடி வழியே மூச்சுவிடும் குழந்தைக்கு, உட்சுவாச முடிவில் காற்றுவழியை நொடிப்பொழுது அடைத்தால், இவ்வனிச்சையால் சுவாசத் தசைகள் தளர்கின்றன. அப்போது வாயருகே நிலைபெறும் அழுத்தத்தைக் கொண்டு சுவாச மண்டலத்தின் நெகிழ்வை மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். அழுத்தம் சமநிலைக்கு வராமல் ஏறியிறங்கினால் தசைகள் தளரவில்லை என்று பொருள்; அந்த அளவீட்டைத் தள்ளிவிட வேண்டும்.

செயற்கைச் சுவாசக் கருவி காற்றைத் தள்ளும்போது இந்த அனிச்சை காப்பாகாது. அது நோயாளியின் சொந்த முயற்சியைத்தான் நிறுத்தும், கருவியை நிறுத்தாது. எனவே அங்கே மிகைவிரிவைத் தடுக்க, ஒவ்வொரு மூச்சின் அளவையும் அழுத்தத்தையும் மருத்துவரே வரையறுக்கிறார்.