டைமென்ஷன் ஸ்டைல் (ஆட்டோகேட்)

டைமென்ஷன் ஸ்டைல் என்பது, ஆட்டோகேட் மென்பொருளில் ஒரு வரைபடத்தின் அளவுக்குறிப்புகள் எந்தத் தோற்றத்தில் அமைய வேண்டும் என்பதை, அதாவது எண்ணின் உயரம், அம்புமுனையின் நீளம், நீட்டுக்கோட்டுக்கும் பொருளுக்கும் இடையே விடப்படும் இடைவெளி போன்றவற்றை, ஒரு பெயரின் கீழ்ச் சேர்த்து வைக்கும் அமைப்பாகும். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு மாறியில் சேமிக்கப்படுகிறது. எண்ணின் உயரம் `DIMTXT` என்னும் மாறியிலும், அம்புமுனையின் அளவு `DIMASZ` என்னும் மாறியிலும், இவை அனைத்தையும் ஒருசேரப் பெருக்கும் எண் `DIMSCALE` என்னும் மாறியிலும் உள்ளன. இந்த மூன்றாவது மாறி செய்யும் பெருக்கலை யார் செய்வது, எப்போது செய்வது என்னும் கேள்விக்கு மென்பொருள் அடுத்தடுத்துக் கண்ட விடைகளே டைமென்ஷன் ஸ்டைலின் வரலாறு.

பெருக்கல் தேவைப்பட்டதன் காரணம் வரைபலகையிலிருந்து திரைக்கு மாறியதில் இருக்கிறது. பலகையில் வரைந்தவர் கட்டடத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தார்; எழுத்தைச் சுருக்கவில்லை. எந்த அளவுகோலில் வரைந்தாலும் எண்ணைக் காகிதத்தில் 2.5 அல்லது 3.5 மில்லிமீட்டர் உயரத்திலேயே எழுதினார். இந்த உயரங்கள் ஐ.எஸ்.ஓ. 3098 தரநிலையில் 1.8, 2.5, 3.5, 5, 7 என்று ஏறத்தாழ இரண்டின் வர்க்கமூலத்தால் பெருகிச் செல்லும் வரிசையில் தரப்பட்டுள்ளன. ‘ஏ’ வரிசைக் காகிதங்களின் பக்கங்களும் அதே விகிதத்தில் மாறுவதால், வரைபடத்தை ஒரு படி சிறிய தாளுக்குச் சுருக்கினால் எழுத்தும் வரிசையில் ஒரு படி இறங்கி நிற்கும். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட்டில் இந்த முறை தலைகீழானது. அதில் ஒன்பது மீட்டர் சுவரை 9000 மில்லிமீட்டராக, உண்மை அளவிலேயே வரைந்து, அச்சிடும்போதுதான் சுருக்குகிறார்கள். அப்போது சுவரோடு சேர்ந்து எழுத்தும் ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், தாளில் 2.5 மில்லிமீட்டர் வேண்டுமானால் திரையில் 125 மில்லிமீட்டர் உயரத்தில் எழுத வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் இந்தக் கணக்கை வரைவாளரே போட்டார். மாறிகளுக்குத் தாளில் வேண்டிய அளவைக் கொடுத்து, அச்சு அளவுகோலின் எண்ணை மட்டும் `DIMSCALE` மாறியில் இடுவது வழக்கமாயிற்று. 1:50 வரைபடத்திற்கு அது இப்படி அமையும்:

```
DIMTXT    2.5
DIMASZ    2.5
DIMSCALE  50
```

அக்காலத்தில் போடப்பட்ட ஓர் அளவுக்குறிப்பு கோடுகளும் அம்புகளும் எண்ணும் தனித்தனியாக நிற்கும் ஒரு கூட்டமாகவே இருந்தது. அளவுகோலை மாற்றினால் பழையவற்றை அழித்து மீண்டும் போடுவதைத் தவிர வழியில்லை. 1987இல் வந்த 2.6 பதிப்பு அவற்றை ஒரே பொருளாகப் பிணைத்தது. மாறியை மாற்றி, ஏற்கெனவே போட்ட குறிப்பைப் புதுப்பிக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். எனினும் மாறிகள் பல இருந்தன. அவற்றின் மதிப்புகள் வரைபடத்திற்கு வரைபடம் மாறின. 1990இல் வெளிவந்த ரிலீஸ் 11 மாறிகளின் ஒரு தொகுதிக்குப் பெயரிட்டுச் சேமிக்க வழிசெய்தது. ஸ்டைல் என்ற கருத்து இங்கே உருப்பெற்றது.

அதே பதிப்பு பேப்பர் ஸ்பேஸையும் கொண்டுவந்தது. பேப்பர் ஸ்பேஸ் என்பது அச்சிடப்போகும் தாளைக் குறிக்கும் தனி வெளி. உண்மை அளவில் வரையப்பட்ட கட்டடம் இருக்கும் மாடல் ஸ்பேஸை, வியூபோர்ட் எனப்படும் சட்டங்களின் வழியே அந்தத் தாளில் பார்க்கலாம். ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும் தனி அளவுகோல் உண்டு என்பதால், ஒரே வீட்டின் தரைத்தளத்தை 1:50 அளவுகோலிலும் அதன் குளியலறையை 1:20 அளவுகோலிலும் ஒரே தாளில் காட்ட முடிந்தது. பழைய முறை முறிந்ததும் இங்கேதான். `DIMSCALE` ஐம்பதாக இருக்கப் போட்ட எண்ணின் உயரம் மாடல் ஸ்பேஸில் 125 மில்லிமீட்டர். அது 1:50 வியூபோர்ட்டில் சரியாக 2.5 மில்லிமீட்டராகத் தெரியும். 1:20 வியூபோர்ட்டில் 6.25 மில்லிமீட்டராகப் பருத்துக் குளியலறையின் சுவர்க்கோடுகளை மறைக்கும். மனை முழுவதையும் காட்டும் 1:100 வியூபோர்ட்டில் 1.25 மில்லிமீட்டராகச் சிறுத்துப் படிக்க இயலாததாகும்.

இதற்கு மூன்று மாற்றுகள் வழக்கில் இருந்தன. அளவுகோலுக்கு ஒரு ஸ்டைலும் ஒரு லேயரும் வைத்து, ஒரே சுவருக்கு மூன்று முறை அளவுக்குறிப்பு போட்டு, வேண்டாத லேயர்களை ஒவ்வொரு வியூபோர்ட்டிலும் உறையவைப்பது முதலாவது. இது நன்றாகவே வேலை செய்தது, ஆயினும் ஒரு சுவர் நகர்ந்தால் மூன்று இடங்களில் திருத்த வேண்டும், அவற்றில் ஒன்று விடுபட்டுப்போவதே இயல்பு. `DIMSCALE` மாறியில் சுழியத்தை இட்டு, வியூபோர்ட்டின் அளவுகோலிலிருந்து மென்பொருளே பெருக்கெண்ணைக் கணக்கிட விடுவது இரண்டாவது. இது கணக்கைக் குறைத்ததேயன்றி, போட்ட குறிப்பை வேறு வியூபோர்ட்டுக்கு ஏற்ப மாற்றவில்லை. அளவுக்குறிப்பைத் தாளின் மீதே, பேப்பர் ஸ்பேஸில் போடுவது மூன்றாவது. 2001இல் வந்த ஆட்டோகேட் 2002, தாளில் போட்ட குறிப்பை மாடல் ஸ்பேஸில் உள்ள கோட்டோடு பிணைத்ததால் இது நம்பத்தக்க முறையாயிற்று. தாளில் எழுதுவதால் பெருக்கலே தேவையில்லை என்பது இதன் சிறப்பு. ஆனால் வியூபோர்ட்டுக்குள் மவுஸ் சக்கரத்தால் நகர்த்தினாலோ பெரிதாக்கினாலோ குறிப்புகள் பழைய இடத்திலேயே தங்கிவிடுவதுண்டு. `DIMREGEN` கட்டளை கொடுத்தால்தான் அவை கோட்டோடு சேரும்.

2007இல் வெளிவந்த ஆட்டோகேட் 2008 அனோட்டேட்டிவ் என்னும் பண்பை அறிமுகப்படுத்தியது. இப்பண்புடைய அளவுக்குறிப்பு தான் எந்தெந்த அளவுகோல்களில் தோன்ற வேண்டும் என்ற பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் அளவுகோலுக்கும் அதற்கு ஒரு தனி உருவம் உண்டு. வியூபோர்ட்டின் அளவுகோலுக்குரிய உருவத்தை மென்பொருள் தேர்ந்து காட்டுகிறது. அளக்கப்படும் புள்ளிகள் எல்லா உருவங்களுக்கும் பொதுவானவை. எண்ணும் அளவுக்கோடும் நிற்கும் இடம் மட்டும் உருவத்திற்கு உருவம் வேறுபடலாம். முந்தைய தீர்வுகள் எல்லாவற்றிலும் இதுவே நுட்பமானது; சுவர் நகர்ந்தால் எல்லா உருவங்களும் ஒரே திருத்தத்தில் நகரும்.

மேற்கண்ட வீட்டையே எடுத்துக்கொண்டால் வேலை பின்வருமாறு நடக்கும். `DIMSTYLE` கட்டளையில் புதிய ஸ்டைலுக்குப் பெயரிடும்போதே `Annotative` என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். `Text` பகுதியில் உயரத்தை 2.5 என்றும், `Symbols and Arrows` பகுதியில் அம்புமுனையை 2.5 என்றும் கொடுக்க வேண்டும். இவை தாளின் அளவுகள். மெட்ரிக் வார்ப்புருவான acadiso.dwt கோப்பில் உள்ள ISO-25 ஸ்டைலும் இதே அளவுகளைக் கொண்டது. கட்டட வரைபடத்தில் அம்புக்குப் பதிலாகச் சாய்கோட்டு முனையைத் தேர்ந்தால் அதையும் `Arrow size` எண்ணே ஆளும், சாய்கோடு 2.5 மில்லிமீட்டரில் சற்றுத் தடித்துத் தெரியும் என்பதால் 1.5 அளவுக்கு இறக்கிக்கொள்வது நல்லது. பிறகு திரையின் கீழ்ப்பட்டையில் அனோட்டேஷன் அளவுகோலை 1:50 என்று வைத்து வீடு முழுவதற்கும் அளவு போட வேண்டும். அடுத்து, குளியலறையைச் சுற்றியுள்ள குறிப்புகளை மட்டும் தேர்ந்து, `OBJECTSCALE` கட்டளையால் 1:20 அளவுகோலைச் சேர்க்க வேண்டும்; வெளிச்சுவர் அளவுகளுக்கு மட்டும் 1:100 சேர்க்க வேண்டும். மாடல் ஸ்பேஸில் எண்ணின் உயரம் முதல் உருவத்தில் 125, இரண்டாவதில் 50, மூன்றாவதில் 250 மில்லிமீட்டராக அமையும். தாளில் மூன்றுமே 2.5 மில்லிமீட்டர். 1:100 உருவத்தில் எண்கள் நெருங்கி முட்டினால், அந்த அளவுகோலில் இருந்தபடியே அளவுக்கோட்டைத் தள்ளி வைக்கலாம். 1:50 உருவம் அசையாது.

இந்த முறையில் நேரும் பிழைகளுள் முதன்மையானது எழுத்து ஸ்டைலில் ஒளிந்திருப்பது. டைமென்ஷன் ஸ்டைல் பயன்படுத்தும் எழுத்து ஸ்டைலில் உயரம் சுழியமாக இல்லாமல் ஓர் எண்ணாக நிலைநிறுத்தப்பட்டிருந்தால், அந்த எண்ணே வெல்லும். `DIMTXT` எவ்வளவு மாற்றப்பட்டாலும் எழுத்து அசையாது. அம்புமுனை மட்டும் மாறி, எழுத்து மாறாமல் நிற்பதைக் கொண்டு இப்பிழையை இனங்காணலாம். அடுத்தது அலகு பற்றியது. 1:50 என்பது மில்லிமீட்டரில் வரைந்த படத்திற்கே பொருந்தும். நில அளவைப் படத்தைப் போல மீட்டரில் வரைந்ததற்கு அதையே பயன்படுத்தினால் எழுத்து 125 மீட்டர் உயரத்தில் திரையை நிரப்பும். `SCALELISTEDIT` கட்டளையில் ஒரு தாள் அலகுக்கு 0.05 வரைபட அலகு என்னும் தனி அளவுகோலை உருவாக்கிக்கொண்டால் எழுத்து 0.125 மீட்டராகச் சரியாக அமையும்.

அளவுக்குறிப்புகள் திடீரென மறைந்துபோவதாக வரும் முறையீட்டிற்குப் பெரும்பாலும் வியூபோர்ட்டே காரணம். அதன் அனோட்டேஷன் அளவுகோல் குறிப்பின் பட்டியலில் இல்லாவிட்டால் குறிப்பு காட்டப்படாது. `ANNOALLVISIBLE` மாறியை 1 என வைத்தால் மறைந்தவை தெரியும், எதற்கு எந்த அளவுகோல் விடுபட்டது என்பதும் புலப்படும். சக்கரம் தவறுதலாக உருண்டு வியூபோர்ட்டின் அளவுகோல் 1:50 என்பதிலிருந்து 1:47.3 போன்ற எண்ணுக்கு நழுவினால் அனோட்டேஷன் அளவுகோலோடு அது ஒத்துப்போகாது. எழுத்து சற்றே பருத்து அச்சாகும். அளவுகோலை அமைத்தவுடன் வியூபோர்ட்டைப் பூட்டிவிடுவதே இதற்குத் தடுப்பு. பழைய ஸ்டைல் ஒன்றைத் திருத்தி அனோட்டேட்டிவ் ஆக்கினாலும், ஏற்கெனவே போட்ட குறிப்புகள் அப்பண்பைத் தாமாகப் பெறுவதில்லை; `-DIMSTYLE` கட்டளையின் `Apply` தேர்வால் அவற்றின்மீது ஸ்டைலை மீண்டும் ஏற்ற வேண்டும்.

அனோட்டேட்டிவ் முறை காக்க முடியாத இடமும் உண்டு. அது வியூபோர்ட்டின் அளவுகோலை மட்டுமே அறியும். தாள் பிறகு என்ன ஆகும் என்பதை அறியாது. ஏ1 தாளுக்கு அமைத்த லேஅவுட்டை, தாளில் அடங்கும்படி ஏ3 அளவில் அச்சிட்டால் எல்லா நீளங்களும் பாதியாகும், 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகிவிடும், 1:50 என்ற தலைப்புக் குறிப்பும் பொய்யாகும். வேலைத்தளத்திற்கு ஏ3 நகல்களே போகும் என்று தெரிந்திருந்தால் 3.5 மில்லிமீட்டரில் தொடங்கலாம். அது பாதியாகும்போது தரநிலையின் மிகச் சிறிய உயரமான 1.8 மில்லிமீட்டருக்கு மிக அருகில் நிற்கும். அல்லது ஏ3 தாளுக்கெனத் தனி லேஅவுட் அமைத்து, அதன் வியூபோர்ட்டுக்கு 1:100 அளவுகோலைக் கொடுத்து, எல்லாக் குறிப்புகளுக்கும் அந்த உருவத்தைச் சேர்த்துவிடலாம். எழுத்து முழு 2.5 மில்லிமீட்டராகவே நிற்கும், தலைப்பில் எழுதும் அளவுகோலும் உண்மையாக இருக்கும்.