நினைவுப் படத்தை நீக்கியது யார்?

நவம்பர் 27 நெருங்குகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு தாய், போரில் இறந்த மகனின் சீருடைப் படத்தை முகநூலில் பகிர்கிறார் என வைத்துக்கொள்வோம். சில நிமிடங்களில் படம் மறைந்துவிடுகிறது. விதிமுறையை மீறியதாக ஓர் அறிவித்தல் மட்டும் வருகிறது.

இத்தகைய நீக்கங்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது செயற்கை நுண்ணறிவு. முன்னர் நீக்கப்பட்ட படங்களின் எண்வடிவக் கைரேகையை அது சேமித்து வைத்திருக்கும். அதே படம் மீண்டும் வந்தால் உடனே பிடிக்கும். புதிய படமென்றால் கொடி, சீருடை, சொற்களைக் கொண்டு ஊகிக்கும். பிரசாரமா, ஒப்பாரியா என்பதை அதனால் எளிதில் பிரித்தறிய முடியாது. செய்தியாகவோ நடுநிலையாகவோ பேச மெற்றா நிறுவனம் இடமளிக்கிறது. ஆனால் நோக்கம் தெளிவில்லை என்றால் நீக்கலாம் என்பதும் அதன் விதி. தாய் ஒரு வரியும் எழுதாமல் படத்தை மட்டும் இட்டால், அந்த விதியில்தான் சிக்குவார்.

விதியின் வேர் அரசியலில் உள்ளது. அமெரிக்கா 1997இல் விடுதலைப் புலிகளை வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அமெரிக்க நிறுவனமான மெற்றா அத்தகைய அரச பட்டியல்களையும் கருத்தில் கொண்டே தன் பட்டியலை அமைக்கிறது. முழுப் பட்டியலை அது வெளியிடுவதில்லை.

அப்படியானால் இந்த இயந்திரத்தை யார் கட்டுப்படுத்துவது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறையிலுள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம், நீக்கியதற்கான காரணத்தையும் அதில் தானியங்கி முறை பயன்பட்டதா என்பதையும் பாவனையாளருக்குச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. முறைப்பாட்டை இயந்திரம் மட்டும் தீர்க்கக்கூடாது. நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஒரு பிணக்குத் தீர்வு அமைப்பையும் நாடலாம். பரிசிலுள்ள மகளுக்கு இந்த உரிமை உண்டு. யாழ்ப்பாணத்திலுள்ள தாய்க்கு இல்லை.

இலங்கையும் 2024 பெப்ரவரியில் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஆனால் அதன் நோக்கு வேறு. நிறுவனம் எதை ஏன் நீக்கியது என்று அது கேட்கவில்லை. இன்னும் எதை நீக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரத்தை ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. அது பொய்யெனத் தீர்மானிக்கும் பதிவை 24 மணிநேரத்துக்குள் அகற்ற வேண்டும். இதை எதிர்த்துக் குடிமக்கள் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றனர். மெற்றா, கூகுள் போன்றவை அங்கம் வகிக்கும் ஆசிய இணையக் கூட்டமைப்பும் எதிர்த்தது.

ஆனால் அந்த ஒற்றுமை அரைவாசித் தூரந்தான். அரசு நீக்கச் சொல்வதை நிறுவனங்கள் எதிர்க்கும். தாமே நீக்குவதற்கு விளக்கம் கேட்டால் ஒதுங்கும். அரசோ நிறுவனத்தின் அதிகாரத்தைக் குறைக்க முனையவில்லை, அதில் பங்கு கேட்கிறது. அந்தத் தாய்க்குத் தேவையானது ஒன்றுதான்: தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அந்தப் படத்தை மீண்டும் பார்த்து, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இலங்கையில் எந்தச் சட்டமும் இதுவரை அதை அவருக்கு உறுதிசெய்யவில்லை.