பல் முகாமில் பொம்மை பேசட்டும்: ஆறு வயதுக் கடைவாய்ப் பல்

தமிழ்ப்பள்ளிப் பல் முகாமில் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு பல்லைப் பற்றி மட்டும் பேசினால் போதும். அது ஏறக்குறைய 6 வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல். பாற்பல் எதுவும் விழாமல், கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் முளைப்பதால், இதையும் பாற்பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுகின்றனர். உண்மையில் இது நிரந்தரப் பல். முளைக்கும் மாதங்களில் பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்திருப்பதால், பிரஷ் இதன்மேல் படாமலே போய்விடும்.

வாய் திறக்கும் கைப்பொம்மை இருந்தால் பேச்சு இப்படி அமையலாம்:

பொம்மை (முன்பல்லை மட்டும் தேய்த்து): "பல் துலக்கிட்டேன், மிஸ்ஸி!"

தாதி: "பின்னால ஒரு பல் ஒளிஞ்சிருக்கே! பிள்ளைகளே, உங்க பல்லை நாக்கால தொட்டுப் பாருங்க."

பொம்மை: "பிரஷ் எட்டலையே!"

தாதி: "வாயைப் பாதி மூடு. கன்னத்துப் பக்கமிருந்து பிரஷைக் குறுக்கே வச்சு, மெதுவா தேய்."

பொம்மை: "பேஸ்ட் எவ்வளவு?"

தாதி: "பட்டாணி அளவு. நுரையைத் துப்பு, தண்ணியில கொப்பளிக்காதே."

கொப்பளித்தால் பல்லைக் காக்கும் ஃபுளோரைடு கழுவப்பட்டுவிடும்.

பேச்சு முடிந்ததும் ஒரு மாணவரைப் பொம்மைக்குப் பல் துலக்கச் சொல்ல வேண்டும். பிரஷை முன்னிருந்தே நீட்டினால், குறுக்கே வைப்பது புரியவில்லை என்று பொருள். மீண்டும் காட்ட வேண்டும். பொம்மையின் பிரஷ் பெரிது என்பதால், சிறுவர் பிரஷிலும் ஒருமுறை செய்து காட்டுவது நல்லது.

புரிந்துகொண்டாலும் இந்த வயதில் கை முழுதாகப் பழகியிருக்காது. இரவில் அந்தப் பல்லைப் பெற்றோரே தேய்த்துவிட வேண்டும்.